சிங்களப் பெயர்களைத் தமிழில் ஒரே மாதிரி எழுத: ஆசிரியபீடத்துக்கான பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் முறை

கொழும்பில் இயங்கும் எந்தத் தமிழ்ச் செய்தித் தளத்தையும் எடுத்து, அதன் தேடல் பெட்டியில் 'திசாநாயக்க' என்று போட்டுப் பாருங்கள். பிறகு 'திஸாநாயக்க' என்று போடுங்கள். அப்புறம் 'திஸநாயக்க'. பெரும்பாலும் மூன்று விதமான பட்டியல்கள் வரும். வாசகருக்கு ஆள் யாரென்பதில் குழப்பம் இல்லை. ஆனால் பழைய செய்தியைத் தேடும் உதவி ஆசிரியருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒரே ஆளுக்கு மூன்று குறிச்சொற்கள் உருவாகி, இணைப்புகளும் சிதறிப்போகும்.

இதைச் சரிசெய்யப் பெரிய கைந்நூல் தேவையில்லை. எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும். புதிதாக ஆசிரியபீடத்துக்கு வந்த ஒருவரே இதைத் தொடங்கலாம். வெளிநாட்டுப் பெயர்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, நமக்கு அன்றாடம் தலைவலி தரும் சிங்கள ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் மட்டும் பார்ப்போம்.

படி 1: ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவதை நிறுத்துங்கள்

வேறுபாடுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஊடக அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, நாம் அந்த எழுத்துகளைப் பார்த்துத் தமிழாக்குகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் d என்று இருந்தால் அது த-வா ட-வா என்று சொல்ல முடியாது. Badulla-வில் உள்ள d பதுளையில் த ஆகிறது, Nugegoda-வில் உள்ள d நுகேகொடையில் ட ஆகிறது. t-யும் அப்படித்தான்: Matara மாத்தறை, Kotahena கொட்டாஞ்சேனை.

ஆகவே ஷீட்டில் முதல் நிரல் சிங்கள எழுத்தில் பெயர். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்து மேசையில் கேட்டு நிரப்பலாம். நாடாளுமன்ற உறுப்பினர்களின் பெயர்களை நாடாளுமன்ற இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பார்க்கலாம், ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர் பெயர்களை வாக்குச்சீட்டில் பார்க்கலாம். ஆனால் அரச தளங்களிலேயே ஒரு பக்கத்துக்கு ஒரு விதமாகத் தமிழ் இருப்பதுண்டு. அங்கிருந்து சிங்கள வடிவத்தை நம்பி எடுங்கள், தமிழ் வடிவத்தைச் சரிபார்த்து எடுங்கள்.

பெயருக்குரியவர் தமிழ் பேசுபவராக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதுதான் சரி. முஸ்லிம் அரசியல்வாதிகள் விடயத்தில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஒருவர் தன் சுவரொட்டியில் 'ரிஷாட்' என்று போடும்போது, அரபு உச்சரிப்பைக் காட்டி நாம் 'ரிஷாத்' ஆக்குவதற்கு உரிமை இல்லை.

படி 2: முழுப்பெயரை விட்டுவிட்டு, பெயரின் துண்டுகளைத் தீர்மானியுங்கள்

பலரும் ஒவ்வோர் ஆளாகப் பட்டியல் போடத் தொடங்கி, சில வாரங்களில் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். சிங்களக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் சில துண்டுகளால் ஆனவை: வர்தன, சிங்க, நாயக்க, ரத்ன, சேன, பால, துங்க, சூரிய, சேகர, திலக. இந்தத் துண்டுகளுக்கு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்துவிட்டால், நாளை புதிதாக வரும் பிரதி அமைச்சரின் பெயரும் பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

திசாநாயக்கவையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் Dissanayake என்று இரட்டை s இருப்பதால் 'திஸ்ஸநாயக்க' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கடைசி e-யைப் பார்த்து, இந்தியப் பத்திரிகைகளைப் போல 'திசநாயகே' என்று முடிப்பவர்களும் உண்டு. சிங்களத்தில் பாருங்கள்: දිසානායක. அங்கே இரட்டை ஸ இல்லை. இரண்டாம் எழுத்து நெடில், ஆகவே 'சா'. கடைசி எழுத்து 'க', ஏகாரம் இல்லை. ஒற்றைக் க-வை அப்படியே 'நாயக' என்று எழுதினால் தமிழில் அது மெல்லொலியாகிவிடும், அதனால் 'நாயக்க'. இனி ச-வா ஸ-வா என்ற கேள்வி. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ச-வை நாம் எப்படியும் ஸ போலத்தான் ஒலிக்கிறோம், ஆகவே கிரந்தம் தேவையில்லை. முடிவு: திசாநாயக்க. இதே வழியில் பண்டாரநாயக்கவும் சேனாநாயக்கவும் முடிந்துவிட்டன.

அடுத்தது வர்தன. குணவர்தன, குணவர்த்தன, குணவர்தனா என்று மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ගුණවර්ධන என்பதில் ர்-க்குப் பின் வருவது மெல்லொலி. 'த்த' போட்டால் வல்லொலியாகும், ஆகவே என் தெரிவு வர்தன. 'குண' என்பதில் மூன்று சுழி ண என்பதும் சிங்கள எழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். 'வர்த்தன' என்பதே பல காலமாகப் பழகியது என்று உங்கள் மூத்த ஒப்புநோக்காளர் வாதாடலாம், அது நியாயமான வாதம்தான். எதை எடுத்தாலும் ஜயவர்தனவுக்கும் குணவர்தனவுக்கும் அபேவர்தனவுக்கும் ஒன்றே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிறிசேனவில் ஒரு சின்னப் பொறி உண்டு. 'சிறி' என்றாலே அழகாக 'ஸ்ரீ' ஆக்கிவிடும் பழக்கம் சிலருக்கு. மைத்திரிபால சிறிசேனவின் பெயர் சிங்களத்திலேயே සිරි என்றுதான் இருக்கிறது, ஆகவே சிறிசேன.

இந்த முறையில் இழப்பும் உண்டு. சிங்களத்தில் ச-வும் ஸ-வும் வெவ்வேறு எழுத்துகள், தமிழில் இரண்டும் ச ஆகிவிடும். சம்பிக்கவின் ச-வும் சஜித்தின் ச-வும் காகிதத்தில் ஒன்றாகத்தான் தெரியும். அதற்காகப் புதுக் குறியீடு கண்டுபிடிக்கப் போகாதீர்கள்.

படி 3: ஊர்ப்பெயருக்குத் துண்டு முறை பொருந்தாது

ஊர்ப்பெயர்கள் ஒலிபெயர்ப்பே அல்ல. நீர்கொழும்பு, அவிசாவளை, புறக்கோட்டை எல்லாம் தமிழில் தமக்கென்று நிலைத்த பெயர்கள். ஹோமாகமவும் மஹரகமவும் 'கம' என்றே முடிகின்றன, ஆனால் நுகேகொடையும் வெள்ளவத்தையும் ஐகாரம் ஏற்றுவிட்டன. விதி தேடினால் தலை சுற்றும். ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவதுதான் வழி.

முதலில் 25 மாவட்டங்களையும் எழுதுங்கள். அவற்றில் தடுமாற்றம் சிலவற்றுக்குத்தான்: குருணாகலா குருநாகலா, அம்பாந்தோட்டையா ஹம்பாந்தோட்டையா, பொலன்னறுவையா பொலநறுவையா. குருணாகலுக்குச் சிங்கள வடிவம் கைகொடுக்கும்: කුරුණෑගල என்பதில் இருப்பது ண. பொலன்னறுவைக்குக் கைகொடுக்காது. சிங்களத்தில் அங்கே ள இருக்கிறது, தமிழில் யாரும் அப்படி எழுதுவதில்லை. அந்த மாதிரி இடத்தில் தமிழ் வழக்கே வெல்லட்டும்.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலப் பிரதியை மொழிபெயர்க்கும் மேசைக்குத் தனியாக ஒரு நிரல் வையுங்கள். Point Pedro என்றால் பருத்தித்துறை, Kayts என்றால் ஊர்காவற்றுறை, Elephant Pass என்றால் ஆனையிறவு. வடக்கைத் தெரியாத இளம் நிருபர் 'எலிபன்ட் பாஸ்' என்று எழுதிவிட்டால் வாசகர்கள் ஒரு மாதத்துக்கு விடமாட்டார்கள்.

கொழும்புக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. Fort என்பதும் கோட்டை, Kotte என்பதும் கோட்டை. 'கோட்டையில் போக்குவரத்து நெரிசல்' என்று தலைப்புப் போட்டால், ரயில் நிலையப் பக்கமா நாடாளுமன்றப் பக்கமா என்று தெரியாது. நான் பரிந்துரைப்பது: Fort-க்கு முதல் தடவை 'கொழும்பு கோட்டை', பிறகு 'கோட்டை'. Kotte-க்கு எப்போதும் 'கோட்டே', முழுப்பெயர் 'ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே'. அதில் வரும் வர்தனவும் படி 2-இல் எடுத்த முடிவின்படியே.

படி 4: கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளைத் துடையுங்கள்

திரையில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறாக இருக்கலாம். ஸ்ரீ-யை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம்:

```
\u0BB8\u0BCD\u0BB0\u0BC0
\u0BB6\u0BCD\u0BB0\u0BC0
```

பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். நம் விசைப்பலகைகளில் பரவலாக வருவது முதலாவது, அதையே வைத்துக்கொண்டு இரண்டாவதை மாற்றுங்கள். ராஜபக்ஷவிலும் இதே கதை: க்-க்கும் ஷ-வுக்கும் நடுவே சிலருடைய விசைப்பலகை `\u200C` என்ற காணாக்குறியைச் செருகிவிடும், உடனே தேடல் தோற்கும். 'ராஜபக்ச' என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை என்பதால் நான் அந்தப் பக்கம். பாமினியில் அடித்து யுனிகோடுக்கு மாற்றிய பிரதிகளில் 'மௌலவி' என்பது 'மெள' என்று இரண்டு எழுத்தாக உடைந்து வருவதையும் கவனியுங்கள்.

படி 5: தேடி மாற்றும்போது வேர்ப்பகுதியைத் தேடுங்கள், வால் பார்த்து மாற்றுங்கள்

'அனுராதபுரம்' என்று தேடினால் 'அனுராதபுரத்தில்' அகப்படாது. 'அனுராதபுர' என்று தேட வேண்டும். ஆட்பெயர்களில் இந்தப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் விக்கிரமசிங்கவின், விக்கிரமசிங்கவுக்கு என்று வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும்போது பெயர் குலைவதில்லை.

எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது. ஆட்பெயரை 'அநுர' என்றும் ஊர்ப்பெயரை 'அனுராதபுரம்' என்றும் உங்கள் மேசை முடிவெடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'அனுர' என்பதையெல்லாம் 'அநுர' ஆக்கு என்று கட்டளை கொடுத்தால், ஊரும் அநுராதபுரம் ஆகிவிடும். நமக்கு 'ரா' ஓர் எழுத்து, கணினிக்கு அது ர-வும் காலும். VS Code-இல் திறந்திருக்கும் கோப்புக்குள் தேடும்போது `.*` பொத்தானை அழுத்திவிட்டு இப்படிப் போடுங்கள்:

```
அனுர(?![\u0BBE-\u0BCD])
```

ர-வுக்குப் பின்னால் காலோ கொம்போ புள்ளியோ வந்தால் தொடாதே என்பது இதன் பொருள். 'அனுரவின்' மாறும், 'அனுராதபுரம்' தப்பும். அப்படியிருந்தும் 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அழுத்த வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுங்கள். நிறுவனம் ஒன்று தன் பெயரைப் பதிவுசெய்த விதம், கட்டுரையாளரின் கையெழுத்துப் பெயர், நூல் தலைப்பு ஆகியவற்றுக்கு இந்தப் பட்டியல் செல்லாது.

படி 6: இரவு ஒன்பது மணிக்கு வரும் புதுப்பெயர்

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் விவாதம் வேண்டாம். பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் சிங்கள வடிவத்தைப் பார்த்து, துண்டு விதிப்படி எழுதி, ஷீட்டில் 'தற்காலிகம்' என்று நிறம் போட்டுச் சேர்க்கட்டும். ஷீட்டில் நிரந்தரமாக மாற்றும் அனுமதி ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும், மறுநாள் அவர் உறுதிசெய்வார். ஆசிரியபீட வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தும் இடங்களில் இந்த வேலை உருப்பட்டதை நான் பார்த்ததில்லை.

ஷீட்டின் கடைசி நிரலில் கைவிட்ட வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: திஸாநாயக்க, திஸநாயக்க, திஸ்ஸநாயக்க. பழைய செய்திகளைத் திருத்த உட்கார வேண்டாம். அந்த நிரலை இணையப் பொறுப்பாளரிடம் கொடுத்தால், பழைய குறிச்சொற்களைப் புதியதோடு அவர் இணைத்துவிடுவார், எந்த வடிவத்தில் தேடினாலும் எல்லாச் செய்திகளும் ஒரே பக்கத்தில் வரும்.