பிள்ளைக்கு குடுத்த ஹிபாவை திரும்ப வாங்கலாமா? ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம்

போன வாரம் ஜும்ஆ முடிஞ்சு செருப்பு தேடிட்டு இருக்கும்போது ஒரு பெரியவர் கைய புடிச்சிக்கிட்டார். "தம்பி, மகளுக்கு ரெண்டு வளையல் போட்டேன், இப்ப அவசரத்துக்கு திரும்ப கேக்கலாமா?" நான் உடனே பதில் சொல்லல, முதல்ல அவர்ட்ட நீங்க ஷாஃபியா ஹனஃபியான்னு தான் கேட்டேன். ஏன்னா இந்த ஒரு கேள்வியில ரெண்டு மத்ஹபும் அப்படியே எதிரும் புதிருமா நிக்கும். நம்ம ஊர்ப்பக்கம் கடலோரம் பாதி பேர் ஷாஃபி, உள்நாட்டுல நிறைய பேர் ஹனஃபி, சம்பந்தம் பண்ணிக்கிற ரெண்டு குடும்பத்துக்குள்ளயே பதில் மாறிடும். அதனால வரிசையா போவோம், ஒரு ஸ்டெப்ப தாண்டி அடுத்ததுக்கு குதிச்சிங்கன்னா குழம்பிரும்.

ஸ்டெப் 1: குடுத்தது ஹிபாவா இல்லையா

ஹிபான்னா உயிரோட இருக்கும்போது, பதிலுக்கு எதுவும் வாங்காம, ஒரு பொருள இன்னொருத்தருக்கு சொந்தமாக்குறது. "நான் மௌத்தான பிறகு உனக்கு"ன்னு சொன்னா அது வஸிய்யத், அதோட சட்டம் வேற. "இந்த வண்டிய ஓட்டிக்க"ன்னா அது இரவல். "இத உனக்கு தர்றேன், நீ எனக்கு பத்தாயிரம் தரணும்"ன்னு தொகை பேசினா பேரு ஹிபாவா இருந்தாலும் சட்டத்துல அது வியாபாரம், அப்புறம் திரும்ப வாங்குற பேச்சே இல்ல.

ஹிபாவுக்கு ஒருத்தர் குடுத்தேன்னு சொல்லணும், இன்னொருத்தர் ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும், இதத்தான் ஈஜாப் கபூல்னு சொல்றோம். பெருநாளைக்கு பக்கத்து வீட்டுக்கு அனுப்புற ஹதியாவுக்கு இந்த வார்த்தையெல்லாம் வேண்டாம், அனுப்பினார் வாங்கினார், அதுவே போதும். சின்னப் பிள்ளைக்கு வாப்பா குடுக்குறார்னா பிள்ளைக்கு வலீ அவரே தானே, அதனால அவர் தரப்புலயும் பிள்ளை தரப்புலயும் அவரே நிப்பார்.

ஸ்டெப் 2: பொருள் கை மாறிச்சா (இங்க தான் நிறைய பேர் வழுக்குறாங்க)

வாயால குடுத்தா பொருள் மாறாது. கப்ளு ஆகணும், அதாவது குடுத்தவர் அனுமதியோட வாங்குறவர் கைவசம் எடுக்கணும். அதுவரைக்கும் பொருள் குடுத்தவரோடது தான், எந்தக் காரணமும் காட்டாம அவர் மனச மாத்திக்கலாம், வாப்பாவா இருந்தாலும் வேத்தாளா இருந்தாலும், இதுல ஷாஃபி ஹனஃபி ரெண்டும் ஒண்ணு தான்.

இதுக்கு எல்லா கிதாபுலயும் வர்ற ஆதாரம் இமாம் மாலிக்கோட முவத்தாவுல இருக்கு, எனக்கு படிக்கிறப்பல்லாம் மனசு கனத்துப் போற இடம் இது. அபூபக்ர் (ரலி) தன் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அல்-காபாங்கிற இடத்துல இருந்த தன் தோட்டத்துலருந்து 20 வஸக் பேரீச்சம்பழம் குடுத்திருந்தார். ஒரு வஸக்னா 60 ஸாஉ. ஆனா ஆயிஷா அத அறுத்து எடுக்கல. ஹிஜ்ரி 13ல மரணப் படுக்கையில மகளக் கூப்பிட்டு சொல்றார்: நீ வசதியா இருக்குறத விட வேற யாரும் வசதியா இருக்குறது எனக்கு பிரியம் இல்ல, ஆனா நீ அத அப்பவே அறுத்து கைவசம் எடுத்திருந்தா உன்னுடையதா இருந்திருக்கும், இன்னைக்கு அது வாரிசுகளோட சொத்து, அவங்க உன் ரெண்டு சகோதரர்களும் ரெண்டு சகோதரிகளும். ஆயிஷா கேக்குறாங்க, எனக்கு அஸ்மா ஒருத்தி தானே, இன்னொருத்தி யாரு? மனைவி ஹபீபா பின்த் காரிஜாவோட வயித்துல இருக்குற பிள்ளை, பொண்ணாத்தான் தெரியுதுங்கிறார். அப்புறம் பொறந்தது பொண்ணு தான், உம்மு குல்ஸூம். குடுத்தவர் அபூபக்ர், வாங்கினவங்க ஆயிஷா, அவங்களுக்கே கப்ளு இல்லாம ஒரு பழம் கூட மாறல.

வீடுன்னா கப்ளு எப்படி? சாவிய குடுத்து, தன் சாமான எடுத்து, காலி பண்ணி விடணும். "வீடு உனக்குத்தாம்மா"ன்னு சொல்லிட்டு வாப்பா அதே வீட்டுல அதே கட்டில்ல படுத்துட்டு, வாடகையும் அவரே வாங்கிட்டு இருந்தா, மக வளந்த பொண்ணா இருக்குறப்ப அது கப்ளு ஆகல. ஒருத்தர் கேக்கும்போது நான் முதல்ல பாக்குறது இதத்தான்: கரண்ட் பில் யார் கட்டுறா, சாவி யார்ட்ட இருக்கு, தென்னமரத்து காய யார் இறக்குறா. இதுல பதில் "வாப்பா தான்"னு வந்தா ஸ்டெப் 3க்கு போகவே வேண்டாம்.

குடுத்தவர் கப்ளுக்கு முன்னாடி மௌத்தானா ஹனஃபில ஹிபா அத்தோட போச்சு. ஷாஃபில ஹிபா முறியாது, ஆனா கைவசம் குடுக்குறதா வேண்டாமாங்கிற முடிவு வாரிசுகள் கைக்கு போயிரும்.

ஒரு சின்ன விஷயம், பிரிக்காத பொதுச் சொத்துல என் பாதிய உனக்கு குடுத்தேன்னா ஷாஃபில செல்லும். ஹனஃபில, பிரிக்க முடியிற சொத்தா இருந்தா பிரிச்சு குடுத்தா தான் செல்லும்.

ஸ்டெப் 3: யார் யாருக்கு குடுத்தா

கப்ளு ஆயிருச்சு. இப்ப தான் ரோடு ரெண்டா பிரியுது.

ஷாஃபி: யாருமே திரும்ப வாங்க முடியாது, பெத்தவங்கள தவிர. வாப்பா, உம்மா, அவங்களுக்கு மேல உள்ள தாத்தா பாட்டி எல்லாரும் இதுல அடக்கம். "குடுத்தத திரும்ப வாங்குறது ஆகாது, தகப்பன் தன் பிள்ளைக்கு குடுத்தத தவிர"ங்கிற ஹதீஸ் தான் ஆதாரம்.

ஹனஃபி: அப்படியே தலைகீழ். வேத்தாளுக்கு குடுத்தா, அது மக்ரூஹ், ஆனாலும் ரெண்டு பேரும் சம்மதிச்சாலோ காளி, அதாவது ஷரீஅத் நீதிபதி, தீர்ப்பு சொன்னாலோ திரும்ப வாங்கலாம். பிள்ளை, சகோதரன், அத்தை மாமா மாதிரி மஹ்ரமான இரத்த உறவுக்கு குடுத்தா முடியாது.

ஏன் இப்படி? வேத்தாளுக்கு குடுக்குறப்ப பொதுவா பதிலுக்கு ஏதாவது எதிர்பார்ப்பு இருக்கும், அது வரலன்னா அவருக்கு உரிமை பாக்கி இருக்கு. சொந்தத்துக்கு குடுக்குறது உறவ சேத்து வைக்கத்தான், குடுத்த அன்னைக்கே அந்த நோக்கம் நிறைவேறிருச்சு, அப்புறம் என்ன பாக்கி? இது ஹனஃபி வாதம். குடுத்தத திரும்ப வாங்குறவர் "வாந்தி எடுத்து அதையே திங்கிற நாய் மாதிரி"ங்கிற ஹதீஸ கூட அவங்க, அது அசிங்கத்த காட்டுது, நாய்க்கு ஹராம் ஹலால் கிடையாதேன்னு விளக்குவாங்க. தகப்பன பத்தின விதிவிலக்க, தேவைப்படும்போது பிள்ளை காச எடுத்துக்குற உரிமைன்னு சொல்லுவாங்க. எனக்கு ஷாஃபியோட வாசிப்பு தான் ஹதீஸ் வார்த்தைக்கு நெருக்கமா படுது, ஆனா ஹனஃபியோட காரணம் ரொம்ப அழகு, அத மறுக்க மாட்டேன்.

ஸ்டெப் 4: ஒரு மாட்ட வச்சு கணக்கு போடுவோம்

ஷாஃபி வாப்பா ஒருத்தர், வளந்த மகனுக்கு ஒரு மெலிஞ்ச பசு குடுக்குறார், மகன் கயித்த புடிச்சு தன் கொட்டகையில கட்டிட்டான், கப்ளு முடிஞ்சது. ரெண்டு வருஷத்துல மாடு கொழுத்துச்சு, மகன்ட்ட வந்த பிறகு சினை புடிச்சு ஒரு கன்னும் போட்டுச்சு. இப்ப வாப்பா திரும்ப கேக்குறார்.

கொழுப்பு மாட்டோட ஒட்டின வளர்ச்சி, பிரிக்க முடியாது, அது மாட்டோட சேந்து வாப்பாவுக்கு போகும், புண்ணாக்கு போட்டேன் தவிடு போட்டேன்னு மகன் கேட்டா கிடைக்காது. கன்னு தனியா பிரிஞ்ச வளர்ச்சி, அது மகனுக்கு. இதுவரை கறந்த பாலும் மகனுக்குத்தான்.

மகன் மாட்ட வித்துட்டா? முடிஞ்சது, வாப்பாவால வாங்க முடியாது. சந்தையில அதே மாட்ட மறுபடி விலைக்கு வாங்கிட்டு வந்தாலும், பலமான சொல்லுப்படி, வாப்பாவோட உரிமை திரும்பாது, ஏன்னா இப்ப அது அவன் கைல இருக்குறது வாப்பா குடுத்ததால இல்ல, காசு குடுத்ததால. மகன் வாடகைக்கு விட்டிருந்தா மட்டும் வாப்பா திரும்ப வாங்கலாம், வாடகை ஒப்பந்தம் அதோட காலம் வரை ஓடும்.

இன்னொன்னு, "திரும்ப வாங்கிட்டேன்"னு வாயால சொல்லணும். ஒண்ணும் சொல்லாம வாப்பா மாட்ட இன்னொருத்தருக்கு வித்தா, அது திரும்ப வாங்குனதா ஆகாது, மகனுக்கு சொந்தமான மாட்ட வித்த மாதிரி தான். மகன் தரவேண்டிய கடன வாப்பா மன்னிச்சு விட்டிருந்தா அதுவும் திரும்பாது, திரும்ப எடுக்க அங்க பொருளே இல்லையே.

காரணமே இல்லாம திரும்ப கேக்குறது ஷாஃபிலயும் மக்ரூஹ் தான்ங்கிறத மறந்துறாதீங்க.

ஸ்டெப் 5: ஹனஃபில ஏழு தடை

மதரஸால ஹஜ்ரத் எங்கள ஒரே வார்த்தைய மனப்பாடம் பண்ண வச்சார், "தம்உ கஸகஹு", கண்ணீர் துளைச்சிருச்சுங்கிற மாதிரி அர்த்தம் வரும். ஏழு எழுத்து, ஒவ்வொண்ணும் திரும்ப வாங்க ஒரு தடை: ஒட்டின வளர்ச்சி, ரெண்டுல ஒருத்தர் மௌத், பதில் அன்பளிப்பு வாங்கியாச்சு, பொருள் கைய விட்டு போயிருச்சு, புருஷன் பொண்டாட்டி, மஹ்ரம் உறவு, பொருள் அழிஞ்சு போச்சு. இதுல ஒண்ணு இருந்தாலும் காளி கேஸ எடுக்க மாட்டார்.

அதே மாட்ட ஹனஃபி வாப்பாவுக்கு போடுங்க, உறவுங்கிற தடையிலயே முடிஞ்சது. சரி, மகனுக்கு பதிலா நண்பனுக்கு குடுத்தார்னு வைங்க, மாடு கொழுத்த அன்னைக்கே உரிமை போச்சு. ஷாஃபில வாப்பாவுக்கு லாபமா வந்த அதே கொழுப்பு இங்க தடையா நிக்குது, பாத்தீங்களா.

ஸ்டெப் 6: மத்த பிள்ளைங்களுக்கு என்ன குடுத்தீங்க

நுஃமான் பின் பஷீர் (ரலி) சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவர் வாப்பா அவருக்கு மட்டும் ஒரு அடிமைய குடுத்தார். உம்மா அம்ரா, நபி (ஸல்) சாட்சியா இல்லாம ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. நபி கேட்ட கேள்வி ஒண்ணு தான்: எல்லா பிள்ளைக்கும் இதே மாதிரி குடுத்தீங்களா? இல்லன்னதும், அப்ப திரும்ப வாங்கிருங்கன்னு சொன்னாங்க. "திரும்ப வாங்குங்க"ங்கிற அந்த வார்த்தையிலருந்து ஷாஃபி உலமாக்கள் ரெண்டு விஷயம் எடுத்தாங்க, பிள்ளைங்களுக்குள்ள சமமா குடுக்குறது சுன்னத், ஒருத்தருக்கு மட்டும் குடுத்த ஹிபா செல்லும் ஏன்னா செல்லாத ஒண்ண திரும்ப வாங்கச் சொல்ல வேண்டியதில்ல. ஹன்பலில சமமா குடுக்குறது வாஜிப். அந்த சமம் ஷாஃபில ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே அளவு, ஹன்பலில வாரிசு பங்கு கணக்கு, ஆணுக்கு ரெண்டு பொண்ணுக்கு ஒண்ணு.

(இதெல்லாம் ஃபிக்ஹு. பத்திரம் போட்டு எழுதிக் குடுத்த சொத்துன்னா கோர்ட்டு சட்டம் தனி, கடைசி காலத்துல பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதி குடுத்துட்டு பிள்ளை பாக்கலன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு வக்கீல்ட்ட போங்க.)

அந்த பெரியவர் விஷயத்துக்கு வர்றேன். அவர் ஷாஃபி. வளையல் மக கைல போட்டாச்சு, கப்ளு ஆச்சு. வித்துட்டாளான்னு கேட்டேன், இல்ல. ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "அடகுல இருக்குன்னு நெனைக்கிறேன்"னார். அடகு வச்சு கடைக்காரன் கைக்கு போயிருச்சுன்னா மீட்குற வரைக்கும் நீங்க திரும்ப எடுக்க முடியாது வாப்பா, மீட்டுட்டா முடியும், ஏன்னா வளையல் அவ சொந்தத்த விட்டு போகல, கடைக்காரனோட பாத்தியதை மட்டும் தான் குறுக்க நிக்குதுன்னு சொன்னேன். அப்ப மீட்குற காசு யார் குடுக்குறதுன்னு அவரே கேட்டுட்டு, அவரே சிரிச்சிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு போயிட்டார்.