சென்னைப் புழுக்கத்தில் ஓட ஆரம்பிப்பது எப்படி: முதல் இரண்டு வாரங்கள்

மே மாதத்தில் காலை ஐந்தரை மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஓடிப் பாருங்கள். வெயிலே இருக்காது, ஆனால் கொஞ்ச நேரத்திலேயே பனியனைப் பிழியலாம். இவ்வளவு வியர்த்தால் உடம்பு குளிர்ந்திருக்குமே என்று தோன்றும். அப்படி இல்லை. வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போதுதான் சூட்டைக் கொண்டுபோகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக வழியில்லாமல் வழிந்து தரையில் விழுகிறது. தண்ணீரும் உப்பும் போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

படி 1: உடம்பைப் பழக்குங்கள்

காலையில் ஈரப்பதம் அதிகம்தான். இருந்தாலும் வெயிலும் கொதிக்கும் தார்ச்சாலையும் இல்லாததால் காலையே மேல். முதல் மூன்று நான்கு நாள் 20 நிமிடம் போதும்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம்.

உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பழகியபின் வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயம் அவ்வளவு அடித்துக்கொள்ளாது. வெக்கையில் ஓடாமல் நாள் முழுக்க ஏசி அறையிலேயே இருந்தால் இது நடக்காது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்த நாட்களில் ஓடவே வேண்டாம்.

படி 2: எவ்வளவு வியர்க்கிறது என்று எடை பாருங்கள்

"நிறையத் தண்ணீர் குடி" என்று எல்லோரும் சொல்வார்கள், எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஓடி முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது.

ஓடுமுன் 68 கிலோ, 45 நிமிடம் கழித்து 67.3 கிலோ, இடையில் குடித்தது 250 மில்லி என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 700 மில்லியோடு குடித்த 250-ஐயும் கூட்டினால் வியர்வை 950 மில்லி. அதாவது மணிக்கு ஒன்றேகால் லிட்டர் அளவு. எடையில் குறைந்தது ஒரு சதவீதம்தான், கவலை இல்லை. இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த முறை வழியில் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும்.

எடை கூடியிருந்தால்? தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

படி 3: உப்பை எப்போது சேர்ப்பது

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகும், கிட்டத்தட்ட அரை டீஸ்பூன் உப்புக்குச் சமம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். காய்ந்த பனியனில் வெள்ளைக் கோடு விழுந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கும் ரகம்.

மேலே சொன்ன 45 நிமிட ஓட்டத்துக்குத் தனிப் பானம் எதுவும் தேவையில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இட்லி சாம்பாரே உப்பைப் பார்த்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புப் போட்ட நீர்மோரோ, பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ்ஸோ நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. தாகத்துக்குச் சரி, போன உப்புக்கு ஈடாகாது. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: உடம்பு சொல்வதைக் கவனியுங்கள்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வழக்கமான வேகமே திடீரென்று பாரமாவது, வெக்கையிலும் உடம்பு புல்லரித்துக் குளிர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டம் அன்றைக்கு முடிந்தது. நிழலில் கால்களைத் தூக்கி வைத்துப் படுத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறச் சொல்லுங்கள், மெதுவாகக் குடியுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கூட ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நம்பி ஏமாறாதீர்கள். ஓடும்போது வருவதில் பெரும்பாலும் வியர்வை கொட்டிக்கொண்டுதான் இருக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல், கிடைக்கிற தண்ணீரையெல்லாம் தலை முதல் கால் வரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.