கோழியைக் கழுவுவதுதான் தவறு: சமையல் செய்யும் அக்காவுக்கு ஒரு குறிப்பு

அக்கா, கோழி வந்து இறங்கியதும் குழாயைத் திறந்து துண்டுகளை இரண்டு மூன்று தடவை அலசி எடுக்கிறீர்கள். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அதைச் செய்கிறீர்கள். ஆனால் நம் சமையலறையில் ஆபத்து தொடங்குகிற இடமும் அதுதான். அதை மட்டும் நிறுத்திவிடச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் என்ற கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அவை தோலின் மடிப்புகளிலும் சதையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம்தான் போகும், மீதி அப்படியே இருக்கும். எலுமிச்சை, வினிகர், உப்பு போட்டுத் தேய்த்தாலும் இதே கதைதான். வாடை குறையலாம், கிருமி போகாது. அதைக் கொல்வது அடுப்புச் சூடு மட்டுமே. அந்தச் சூடு எப்படியும் வரப்போகிறது என்பதால், முன்கூட்டிக் கழுவி நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

கிடைக்காதது போகட்டும், கழுவுவதால் கிருமி பரவுகிறது. குழாய்த் தண்ணீர் உயரத்திலிருந்து கோழித்துண்டில் விழும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தெறிக்கிறது. குழாய் எவ்வளவு உயரமோ, தெறிப்பு அவ்வளவு அதிகம். கோழியின் மேல்பரப்பு மெத்தென்று இருப்பதால் தண்ணீர் விழும் இடத்தில் சின்னக் குழி விழுந்து, அதுவும் தெறிப்பைக் கூட்டுகிறது. அந்தத் துளிகள் தொட்டியின் விளிம்பு, குழாய்த் திருகு, உங்கள் சேலை, பக்கத்து மேடை என்று எங்கும் போய் உட்காரும்.

ஒரு சாதாரண மதிய வேளையை எடுத்துக்கொள்வோம். பத்து கிலோ கோழியை அலசி அண்டாவில் போட்டாயிற்று. தொட்டியையும் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவியாயிற்று. அப்புறம் அதே தொட்டியில் வெள்ளரிக்காயும் தக்காளியும் கழுவிப் பச்சடிக்கு நறுக்குகிறீர்கள். கோழி நன்றாக வெந்துவிடும், அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. பச்சடி நெருப்பையே பார்க்காது. கேம்பைலோபேக்டர் சில நூறு இருந்தாலே வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி வரலாம். அதுவும் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் யாருக்கும் நம் சாப்பாடு நினைவுக்கே வராது. பந்தியில் சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள், அதுதான் எனக்குக் கவலை.

2019-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் தொட்டியில் கோழியிலிருந்து வந்த கிருமிகள் இருந்தன. தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரிடம் மிச்சமிருந்தது. 26 சதவீதம் பேரின் கீரை சாலட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கோழியைக் கழுவாதவர்களில்கூட 31 சதவீதம் பேரின் சாலட்டில் கிருமி இருந்தது. கையைச் சரியாகக் கழுவாதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே குழாயை மூடினால் மட்டும் போதாது.

சரி, என்ன செய்யலாம்? பச்சடிக் காய்களை முதலில் கழுவி, நறுக்கி, மூடி வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் கோழியைத் திறக்க வேண்டும். ரத்தமோ எலும்புச் சில்லோ சிறகோ தெரிந்தால் கையால் எடுத்துவிட்டு, காகிதத் துண்டால் ஒற்றி, அந்தக் காகிதத்தை நேரே குப்பையில் போடுங்கள். அதே வேலையைத் துணியால் செய்தால் துணி மூலமாகப் பரவிவிடும். கழுவியே ஆக வேண்டிய நிலைமையில் கோழி வந்தால் குழாயடியில் பிடிக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, துண்டுகளை மெதுவாக அமிழ்த்தி எடுத்து, அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். கெட்ட வாடை அடித்தால் எவ்வளவு கழுவினாலும் அது தேறாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கோழி அடுப்பேறியதும் கையை சோப்புப் போட்டு இருபது விநாடி தேயுங்கள். தொட்டி, பலகை, கத்தி, குழாய்த் திருகு எல்லாவற்றையும் முதலில் சோப்பும் வெந்நீருமாகத் தேய்க்க வேண்டும். பிசுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பிசுக்கு போன பிறகு, நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து தடவி, சில நிமிடம் விட்டு, காற்றில் உலரவிடுங்கள்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. எலும்பருகே வெந்த பிறகும் சிவப்பு தெரியலாம், வேகாத துண்டு வெள்ளையாகவும் இருக்கலாம். அண்டாவின் நடுவிலிருந்து பெரிய துண்டாக எடுத்து, எலும்பில் படாமல் சதையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் இறக்கலாம். ஒரு துண்டு குறைவாகக் காட்டினாலும் கிளறிவிட்டு மறுபடி கொதிக்கவிட்டு, வேறு இடத்திலிருந்து இன்னொரு துண்டை எடுத்துப் பாருங்கள்.