68, 95, 99.7: மூன்று எண்களில் மணிவடிவத் தரவு

தரவின் வரைபடம் மணி வடிவில் இருந்தால், சராசரியும், தரவு அதிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்று காட்டும் திட்டவிலக்கமும் தெரிந்தாலே போதும். சராசரியிலிருந்து இருபுறமும் ஒரு திட்டவிலக்கத்துக்குள் சுமார் 68%, இரண்டுக்குள் 95%, மூன்றுக்குள் 99.7% அடங்கிவிடும். அட்டவணையைப் புரட்ட வேண்டாம்.

ஐ.க்யூ. மதிப்பெண்ணைப் பாருங்கள். வெக்ஸ்லர் தேர்வில் சராசரி 100, திட்டவிலக்கம் 15 என்று வரும்படியே அளவுகோலை அமைத்திருக்கிறார்கள். ஆக 85 முதல் 115 வரை மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானோர். 70 முதல் 130 வரை 95%. சரி, 130-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? 5% என்று சொல்லிவிடாதீர்கள். மீதமுள்ள 5% இரண்டு பக்கமும் பிரிகிறது, மேலே பாதிதான்: சுமார் 2.5%. பலரும் வழுக்குவது இங்கேதான்.

இந்த மணி வடிவத்துக்கு இயல்நிலைப் பரவல் என்று பெயர். அதன் சூத்திரத்தில் சராசரியும் திட்டவிலக்கமும் தவிர வேறு எதுவும் மாறுவதில்லை. தூரத்தைத் திட்டவிலக்கத்தால் அளந்தால் ஒல்லியான மணியும் அகன்ற மணியும் ஒன்றாகிவிடும். அதனால் மணியின் கீழ் அடங்கும் பரப்பும், அதாவது தரவின் பங்கும், மாறாது.

வருமானம், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் போல ஒரு பக்கம் வால் நீளும் தரவுக்கு இது உதவாது. சராசரி 5 நாள், திட்டவிலக்கம் 6 நாள் என்றால் ஒரு திட்டவிலக்கம் கீழே போனாலே −1 நாள் வருகிறது! அங்கே செபிஷேவ் விதிதான் கைகொடுக்கும்: எந்த வடிவமானாலும் இரண்டு திட்டவிலக்கத்துக்குள் குறைந்தது 75% இருக்கும்.