வேகமாகப் பறக்கும் விமானத்தின் தோல் எவ்வளவு சூடாகும்? கையாலேயே கணக்கிடலாம்

கட்டுநாயக்கவிலிருந்து கிளம்பிய விமானம் 11 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறியதும் இருக்கைக்கு முன்னாலுள்ள திரையில் வெளி வெப்பநிலை −43 பாகை என்று காட்டும். அது காற்றின் வெப்பநிலை. இறக்கையின் முன்விளிம்பில் கை வைக்க முடிந்தால் அங்கே −12 அளவில்தான் இருக்கும். இடையிலுள்ள 31 பாகை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பிறகு அதே கணக்கை ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கொன்கோர்டுக்குப் போடுவோம். உயர்தர பௌதிகம் படித்தவர்களுக்கு இது போதும். வகையீடு, தொகையீடு எதுவும் தேவையில்லை.

படி 1: விமானத்தில் உட்கார்ந்துகொண்டு பாருங்கள்

காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் மேலே காற்று சும்மா நிற்கிறது, விமானம்தான் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் கணக்கு சிக்கலாகும். விமானத்தின் ஒவ்வோர் இடத்திலும் காற்று தள்ளப்படுகிறது, எல்லாமே நேரத்தோடு மாறிக்கொண்டிருக்கிறது.

விமானத்தை நிறுத்தி வைத்து, காற்று அதை நோக்கி ஓடி வருகிறது என்று எடுங்கள். இப்போது படம் மாறாமல் நிற்கும். மூக்கின் நுனிக்கு நேரே வரும் காற்று அங்கே முழுதாக நின்றுவிடுகிறது. அந்தப் புள்ளிதான் தேக்கப் புள்ளி, அங்குள்ள வெப்பநிலைதான் தேக்க வெப்பநிலை.

படி 2: வருவதும் போவதும்

மூக்குக்கு முன்னால் ஒரு கிலோகிராம் காற்றைப் பின்தொடருங்கள். தூரத்தில் அதன் வெப்பநிலை T, வேகம் V. நுனியில் வெப்பநிலை T0, வேகம் பூச்சியம். வழியில் அதற்கு வெளியிலிருந்து வெப்பம் கிடைக்கவில்லை, சுழலி எதுவும் அதைச் சுற்றவும் இல்லை. ஆகவே சக்திக் கணக்கு இவ்வளவுதான், இதில் cp என்பது மாறா அமுக்கத்தில் காற்றின் தன்வெப்பக் கொள்ளளவு:

```
cp·T + V²/2 = cp·T0
T0 − T = V² / (2·cp)
cp = 1005 J/(kg·K)
```

முதலில் கேட்ட 31 பாகைக்கு விடை இதிலேயே இருக்கிறது. மணிக்கு 900 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 250 மீற்றர். 250-ஐ வர்க்கித்து 2010-ஆல் வகுத்தால் 31.1.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் cp. மாறாக் கனவளவுக்குரிய cv-ஐப் போட்டால் என்ன என்று ஒரு மாணவராவது கேட்பார். நியாயமான கேள்விதான். வாயுவின் அகச்சக்தி cv·T தானே?

ஆனால் நம் கிலோகிராம் காற்று தனியாக வரவில்லை. பின்னாலிருக்கும் காற்று அதைத் தள்ளிக்கொண்டே வருகிறது. அந்தத் தள்ளலும் ஒரு வேலை. கிலோகிராமுக்கு அது அமுக்கத்தை அடர்த்தியால் வகுத்த பெறுமானம், அதாவது R·T. அகச்சக்தியையும் தள்ளல் வேலையையும் கூட்டினால் cv·T + R·T, அதுதான் cp·T. இரசாயனவியலில் வெப்பவுள்ளுறை என்று படித்தது இதுவே. ஓடுகிற வாயு என்றால் எப்போதும் cp.

படி 3: கொன்கோர்டுக்குப் போட்டுப் பார்ப்போம்

நியம வளிமண்டலத்தில் 11 முதல் 20 கிலோமீற்றர் வரை வெப்பநிலை 216.65 K, அதாவது −56.5 பாகை. கொன்கோர்ட் பறந்த உயரம் இதற்குள் வருகிறது. மாக் 2 என்பது ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு, ஆகவே முதலில் ஒலியின் வேகம் √(γRT) வேண்டும். காற்றுக்கு γ = 1.4, R = 287 J/(kg·K).

```
a  = √(1.4 × 287 × 216.65) = 295 m/s
V  = 2 × 295 = 590 m/s
V²/2 = 174 050 J/kg
T0 − T = 174 050 / 1005 = 173 K
T0 = 216.65 + 173 ≈ 390 K ≈ 117 °C
```

வெளியே −56.5 பாகைக் குளிர், மூக்கு நுனியில் கொதிநீரைவிடச் சூடு.

இதே விடையை `T0 = T(1 + 0.2·M²)` என்ற குறுக்குவழியிலும் எடுக்கலாம். நான் தொடக்கத்தில் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. மாக் எண்ணுக்குள் வெப்பநிலை ஒளிந்திருப்பதால் எது எதனால் மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதோடு, T-ஐச் செல்சியஸில் போடும் பிழையும் இந்த வடிவத்தில்தான் அடிக்கடி நடக்கும். −56.5-ஐ 1.8-ஆல் பெருக்கி −102 என்று எழுதியவர்கள் உண்டு. வேகமாகப் போனால் மூக்கு இன்னும் குளிரும் என்று விடை வந்தால், கெல்வினில் போடவில்லை என்று உடனே புரிந்துகொள்ளுங்கள்.

cv போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் தெரியுமா? 174 050-ஐ 718-ஆல் வகுத்தால் 242. மூக்கு சுமார் 186 பாகை. கொன்கோர்டின் மூக்குக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 127 பாகை. அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது, அதற்கு மேல் நீண்ட நேரம் சூடாக இருந்தால் உலோகம் சுமையின் கீழ் மெல்ல மெல்ல இழுபடத் தொடங்கும். ஆக, 186 என்று வந்தால் அந்த விமானமே பறந்திருக்க முடியாது. விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஒலியைவிட வேகமாகப் போகும்போது மூக்குக்கு முன்னால் அதிர்ச்சி அலை நிற்குமே, அது கணக்கைக் குழப்பாதா? குழப்பாது. அலையைத் தாண்டும்போது அமுக்கத்தில் ஒரு பங்கு திரும்பப் பெற முடியாமல் போய்விடும், ஆனால் வெப்பம் உள்ளே வரவோ வெளியே போகவோ இல்லை. சக்திக் கணக்கு அப்படியே நிற்கும்.

படி 4: நுனி வேறு, தோல் வேறு

இதுவரை கணக்கிட்டது ஒரே ஒரு புள்ளிக்கு. உடலின் பக்கவாட்டில் காற்று நேராக மோதி நிற்பதில்லை, தோலை உரசிக்கொண்டு ஓடுகிறது. ஆனாலும் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று நகராது. பாகுநிலை அதைப் பிடித்து நிறுத்திவிடும். தோலை ஒட்டிய அந்த மெல்லிய பகுதிதான் எல்லைப்படை. அதற்குள்ளும் இயக்கசக்தி வெப்பமாகிறது. நுனியில் அமுக்கத்தால் நடப்பது இங்கே பாகுநிலையால் நடக்கிறது.

ஆனால் முழு 173 பாகையும் தோலில் கிடைக்காது. சூடான அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் வெப்பம் மேலே ஓடும் காற்றுக்குத் தப்பிப் போய்விடும். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை மீட்புக் காரணி r சொல்லும். காற்று குழப்பமில்லாமல் படைபடையாக ஓடினால் r சுமார் 0.84. கொந்தளிப்பாக ஓடினால் சுமார் 0.89. பெரிய விமானத்தின் உடலில் பெரும்பகுதி கொந்தளிப்புத்தான், எனவே:

```
Tw = 216.65 + 0.89 × 173 ≈ 371 K ≈ 97 °C
```

இது தோலுக்கு ஒரு மேல் எல்லை. தோல் தன் பங்குக்கு வெப்பத்தைக் கதிர்வீசும், உள்ளே இருக்கும் எரிபொருளும் கொஞ்சத்தை உறிஞ்சும். அதனால் உண்மையான வெப்பநிலை இதற்குக் கீழே நிற்கும். கொன்கோர்டின் வெள்ளை நிறத்துக்கும் இதில் வேலை இருந்தது: வெயிலைத் திருப்பியனுப்பும், வெப்பத்தை நன்றாகக் கதிர்வீசும். 1996இல் விளம்பரத்துக்காக ஒரு கொன்கோர்டுக்கு நீல வர்ணம் பூசினார்கள். மாக் 2 வேகத்தில் ஒரே தடவையில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்று அதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

எதுவரை நம்பலாம்?

cp மாறாது என்று எடுத்துக்கொண்டோம். மாக் 2 வரை அதனால் தொல்லை இல்லை. மாக் 3.2-இல் பறந்த எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கு இதே கணக்கு 660 K தரும். சூட்டோடு cp கொஞ்சம் கூடுவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 653 K. ஏழு பாகை வித்தியாசத்துக்காகத் தலையை உடைக்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் கெல்வினைத் தாண்டிப் போனால் கதை வேறு. அங்கே ஒட்சிசன் மூலக்கூறுகள் உடையத் தொடங்கும், சக்தியில் ஒரு பங்கு பிணைப்பை உடைப்பதற்கே செலவாகும். விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்களுக்கு இந்தச் சமன்பாட்டைக் கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, இந்த வெப்பநிலையை எட்ட எவ்வளவு நேரமாகும் என்பதை இது சொல்லாது. காற்று அடர்த்தியாக இருந்தால் விரைவில் எட்டும், மெலிந்திருந்தால் மெதுவாக. அதற்கு வெப்பக் கடத்துகைக் கணக்கு தனியாக வேண்டும்.

படி 5: கொழும்புக்கு மேலே

நியம வளிமண்டலம் நடு அகலாங்குகளை ஒட்டி எழுதப்பட்டது. மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் நிலம் சூடாக இருப்பதால் மேலேயும் சூடாகத்தான் இருக்கும் என்று தோன்றும். 11 கிலோமீற்றரில் அது உண்மை. அதனால்தான் முதலில் −56 என்று எழுதாமல் −43 என்று எடுத்தேன். ஆனால் இங்கே வெப்பநிலை அதோடு நிற்காமல் 16, 17 கிலோமீற்றர் வரை இறங்கிக்கொண்டே போகும். நம் தலைக்கு மேலே அந்த உயரத்தில் −78 பாகை, ஏறக்குறைய 195 K, சாதாரணம். கொன்கோர்ட் பறந்ததும் அந்த உயரத்தில்தான்.

இப்போது அதே மாக் 2-ஐத் திரும்பப் போடுங்கள். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமே குறைவு.

```
a  = √(1.4 × 287 × 195) = 280 m/s
V  = 560 m/s
T0 − T = 560² / 2010 = 156 K
T0 = 195 + 156 = 351 K ≈ 78 °C
```

117-க்குப் பதிலாக 78. வித்தியாசம் 39 பாகை. அதில் 22 பாகை காற்றே குளிராக இருப்பதாலும், மிச்சம் 17 உண்மையான வேகம் குறைந்ததாலும் வந்தது. மாக் எண் இரண்டிலும் ஒன்றுதான். கொன்கோர்ட் 1977 முதல் 1980 வரை, இடையில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றாலும், பஹ்ரைனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இந்து சமுத்திரத்தைக் கடந்து பறந்தது. அந்த வழியில் மூக்கின் சூடு அதற்குப் பெரிய கவலையாக இருந்திருக்காது. அனுமதிக்கப்பட்ட மாக் 2.04 தான் முதலில் வந்து தடுக்கும்.

சூடான காற்றில் நிலைமை தலைகீழ். மூக்கு 127 பாகையில், அதாவது 400 K-இல் நிற்க வேண்டும் என்றால் எந்த மாக் வரை போகலாம் என்று பின்னாலிருந்து கணக்கிடுங்கள். இந்த இடத்தில் குறுக்குவழி வடிவமே வசதி. வெளியே 222 K இருந்தால்:

```
M² = 5 × (400/222 − 1) = 4.01
M  = 2.00
```

நியமத்தைவிட வெறும் 5 பாகை சூடான காற்று. அதற்கே விமானி மாக் 2.04-ஐ விட்டு 2.00-க்கு இறங்க வேண்டும். 230 K-க்கும் 195 K-க்கும் நீங்களே போட்டுப் பாருங்கள். முதலாவதற்கு 1.92 வரும். இரண்டாவதற்கு 2.29 வரும், ஆனால் 2.04-க்கு மேல் போக அனுமதி இல்லை.