மான்ஸ்டெராவின் முதுகு எந்தப் பக்கம்?

மான்ஸ்டெரா செடி பிடித்து ஏறுவதற்கு ‘மாஸ் போல்’ எனும் கம்பை நட்டவர்களில் பாதிப் பேர் செய்யும் முதல் தவறு, இலைக்காம்பை இழுத்துக் கம்போடு கட்டுவது. நானும் செய்தேன். இலைகள் எல்லாம் ஒரு கொத்தாகச் சுருண்டு நின்றன. வெளிச்சத்தை நோக்கித் திரும்ப வேண்டிய காம்பைக் கட்டிப்போட்டால் அது முறுக்கிக்கொள்ளும், சில சமயம் ஒடிந்தும் போகும். கட்ட வேண்டியது தடித்த தண்டைத்தான். கணுக்களுக்கு இடையில், சற்றுத் தளர்வாக.

அப்புறம், தண்டின் எந்தப் பக்கம் கம்பு வர வேண்டும் என்று பார்க்க வேண்டும். செடியைத் திருப்பிப் பாருங்கள். இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பழுப்பு நிற வேர்கள் அதற்கு எதிர்ப்பக்கத்தில் கணுக்களிலிருந்து கிளம்பியிருக்கும். அதுதான் செடியின் முதுகு. அந்த முதுகு கம்பில் படிய வேண்டும். காட்டில் மரத்தைப் பிடித்து ஏறுகிற செடி இது, கயிறு நாம் தரும் தற்காலிக உதவிதான். வேர் பிடிக்கும் வரைதான் அதற்கு வேலை.

வேர் பிடிக்க ஈரம் வேண்டும். என் முதல் கம்பு நர்சரியில் வாங்கிய தென்னை நார் சுற்றியது. மேலே ஊற்றிய தண்ணீர் வழிந்து கீழே போய்விடும், சென்னை மே மாத வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இரண்டு மாதத்தில் வேர்கள் கம்பைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, பக்கத்துத் தொட்டியின் மண்ணுக்குள் இறங்கிவிட்டன! பிறகு பிளாஸ்டிக் வலையைக் குழாயாகச் சுருட்டி, ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் மாஸ் என்ற பாசியை உள்ளே அடைத்தேன். ரொம்ப இறுக்கி அடைத்தால் காற்றுப் போகாது, தொளதொளவென்று விட்டால் சீக்கிரம் காயும். உச்சியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, அது கீழ்வரை இறங்கட்டும். மேலோட்டமாக ஸ்ப்ரே அடிப்பது போதாது. விரலை வலைக்குள் விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும். புதிய வேர் நுழைந்ததா என்று அறிய, தண்டை லேசாக அசைத்துப் பாருங்கள். கம்போடு சேர்ந்து அசைந்தால் பிடித்துவிட்டது.

ஏற்கெனவே முழ நீளம் வளர்ந்த பழைய வேரை மட்டும் மடக்கி மாஸில் திணிக்காதீர்கள். காய்ந்து விறைத்த வேர் மடக்கினால் ஒடியும். அரை மணி நேரம் ஈரத்துணியைச் சுற்றிவைத்தால் கொஞ்சம் இளகும். அப்போதும் வளையாவிட்டால், போகிற போக்கிலேயே நுனியைத் தொட்டி மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள், அங்கே கிளைத்து நீர் உறிஞ்சும். கம்பில் பிடிக்கப்போவது இனிமேல் மேல்கணுக்களில் வரும் இளவேர்கள்.

எங்கும் எட்டாமல் வழியில் தொங்கும் ஒன்றிரண்டு வேர்களை வெட்டலாம், செடி சாகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்தால்தான் சிக்கல். சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாறு பட்டால் தோல் அரிக்கும்.