ஃபிரிட்ஜ் கதவில் பால் வைக்காதீர்கள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நாலைந்து பேர் பகிர்ந்து தங்கும் வீட்டுக்குக் குடிவந்ததும் ஃபிரிட்ஜில் உங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்குவார்கள். கதவு மட்டும் எல்லோருக்கும் பொது. பால் புட்டி நிற்கிற மாதிரி அங்கே இடமும் இருக்கும், 4 பைன்ட் புட்டி (2.27 லிட்டர்) வேறெங்கும் நிமிர்ந்து நிற்காது, அதனால் எல்லோரும் பாலைக் கதவில்தான் வைக்கிறார்கள். அப்புறம் தேதி முடிவதற்கு முன்பே பால் புளித்துவிட்டது என்று கடையைத் திட்டுகிறார்கள்.

சாதாரண ஃபிரிட்ஜில் குளிர் வருவது பின்சுவரிலிருந்து, சின்ன ஃபிரிட்ஜ் என்றால் மேலே இருக்கும் ஐஸ்பாக்ஸிலிருந்து. கதவு அதற்கு நேர் எதிரே, தூரத்தில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் கீழே வழிந்து வெளியேறிவிடும், அறையின் காற்று உள்ளே புகும். உள்தட்டில் இருக்கும் பொருள் அந்த நேரத்திலும் உள்ளேயேதான் இருக்கிறது. கதவில் இருப்பதோ கதவோடு சேர்ந்து வெளியே வந்து ஹீட்டர் ஓடும் சமையலறையில் நிற்கும். ஒருவர் திறந்து வைத்துக்கொண்டு என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பார், மூடிய அடுத்த நிமிடம் இன்னொருவர் வந்து திறப்பார். ஃபிரிட்ஜின் சென்சார் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும், கதவு சூடானது அதற்குச் சட்டென்று தெரியாது. விசிறி வைத்த புது ஃபிரிட்ஜில் வித்தியாசம் குறைவு, ஆனாலும் கதவு கதவுதான்.

இங்கே உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்வது 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே. புட்டியில் அச்சடித்த தேதியும் அப்படிக் குளிராக வைத்தால்தான் செல்லும். ஊரில் பாக்கெட் பால் வந்ததும் காய்ச்சிவிடுகிறோம், கெட்டுப்போயிருந்தால் அடுப்பிலேயே திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பலர் அப்படியே சீரியலில் ஊற்றிக்கொள்கிறார்கள், அதனால் குளிர் சரியாக இருப்பது இன்னும் முக்கியம்.

உங்கள் ஃபிரிட்ஜ் எப்படி என்று பார்ப்பது சுலபம். சில பவுண்டுக்கு ஃபிரிட்ஜ் தெர்மோமீட்டர் கிடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் ஓரிரவு வைத்துக் காலையில் பாருங்கள், மறுநாள் அதே டம்ளரைக் கதவில் வையுங்கள். காற்றில் வைத்துப் பார்த்தால் கதவைத் திறந்ததுமே எண் ஏறிவிடும், அதனால்தான் தண்ணீர். நடுவில் 4, கதவில் 8 என்று காட்டினால் ஃபிரிட்ஜ் பழுதில்லை, பாலை இடம் மாற்றினால் போதும். நடுவிலேயே 7 என்றால் டயலைக் கூட்டிவிட்டு ஒரு நாள் பொறுங்கள். பெரும்பாலான டயல்களில் 1 முதல் 5 வரை இருப்பது டிகிரி அல்ல, எண் கூடினால் குளிர் கூடும். 1-இல் வைத்தால் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்துத் திருப்பிவைப்பவர்கள் உண்டு! கூட்டியும் இறங்கவில்லையென்றால் கதவு ஓரத்து ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

சரி, கதவில் எவை கூடாது? பால், தயிர், கறி, மீன் கூடவே கூடாது. சமைத்த சாதமும் கூடாது, அது ஃபிரிட்ஜின் உள்ளே இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். தேங்காய்ச் சட்னி கதவில் சீக்கிரம் நூல்விடும். தோசை மாவு அங்கே தொடர்ந்து புளித்துப் பொங்கி மூடியைத் தூக்கிவிடும், கீழே இருக்கும் அடுத்தவர் வெண்ணெய் மேல் வழிந்தால் சண்டைதான். முட்டைக்கென்று கதவில் குழி வைத்த ஃபிரிட்ஜ்கள் இருந்தாலும் முட்டைக்கு ஒரே சீரான குளிர்தான் நல்லது, அட்டைப் பெட்டியோடு உள்தட்டில் வையுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். பிழிந்தெடுத்த தாய்ப்பாலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே 8 நாள் வரை வைக்கலாம் என்கிறது என்எச்எஸ். அதற்கு மேல் சூடாக இருந்தாலோ, எத்தனை டிகிரி என்று தெரியாவிட்டாலோ 3 நாள்தான். அதை உள்ளே, பின்பக்கமாக வையுங்கள்.

கதவுக்கு ஏற்றவை ஊறுகாய், கெச்சப், ஜாம், கடுகு சாஸ், புளிப் பேஸ்ட், குளிர்பானம். உப்பு, புளிப்பு, சர்க்கரை கூடியவை அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

பால் புட்டிக்கு உள்ளே இடமில்லையே என்றால், கண்ணாடித் தட்டைக் கழற்றி ஒரு காடி மேலே செருகுங்கள், பெரும்பாலான ஃபிரிட்ஜில் முடியும். அதுவும் முடியாவிட்டால் 2 பைன்ட் புட்டியாக வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் பாதிப் பாலைக் கழுவுதொட்டியில் கொட்டுவதைவிட அது மலிவு.